காசோலைப் பரிசோதனையும் நஷ்டத்தின் பொறுப்பும்

ஒருவர் எழுதிக் கையொப்பமிட்ட காசோலையொன்று மற்றொருவர் கைக்குச் சென்று, அவரது வங்கியின் மூலமாக எழுதியவரின் வங்கியைச் சென்றடைந்து பணமாகும் வரையில், அதிலுள்ள பிழையையோ மோசடியையோ கண்டுபிடிக்க வேண்டிய கடமை இவர்களுள் யாரைச் சார்ந்தது, கண்டுபிடிக்கத் தவறியபோது நஷ்டத்தைச் சுமக்க வேண்டியவர் யார் என்னும் வினா இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக நீதிமன்றங்களிலும் வங்கிகளிலும் விவாதிக்கப்பட்டு வருகின்றது. காசோலையின் திகதி, எழுத்தாலும் இலக்கத்தாலும் குறிக்கப்பட்ட தொகை, கையொப்பம், பின்புறத்திலிடும் புறக்குறிப்பு ஆகிய நான்கையும் பரிசோதித்தல் வங்கிச் சிப்பந்தி ஒருவர் தம் உத்தியோகத்தின் ஆரம்பத்திலேயே பழகிக்கொள்ளும் காரியமாகும். ஆயினும் இந்நான்கும் ஒரே தன்மையுடைய சோதனைகள் அல்ல. ஒவ்வொன்றிலும் பிழையைக் காணும் வாய்ப்புடையவர் வெவ்வேறானவர் என்பதே இவ்விஷயத்தில் தோன்றிய அபிப்பிராய பேதங்களின் மூலகாரணம் என்று கருத இடமுண்டு.

விளக்கத்தின் பொருட்டு ஒரு கற்பனைக் காசோலையை எடுத்துக்கொள்வோம். சாவகச்சேரிச் சந்தையில் தேங்காய் மொத்த வியாபாரம் செய்யும் ஒருவர், சரக்கு அனுப்பிய கிளிநொச்சி வியாபாரிக்கு 2025 ஜனவரி மாதம் 6 ஆம் திகதி காசோலை எழுதுகின்றார். புத்தாண்டு பிறந்து சில தினங்களே ஆனமையால் பழக்கத்தினால் 06.01.2024 என்று திகதியிடுகின்றார். எழுத்தில் 'ரூபா ஒரு இலட்சத்து இருபத்தையாயிரம் மாத்திரம்' என்றும், இலக்கத்தில் 152,000.00 என்றும் எழுதுகின்றார். பெறுநரின் பெயரை 'இராசரத்தினம்' என்று குறிக்கின்றார், பெறுநரோ தம் வங்கிக் கணக்கில் 'ராஜரட்ணம்' என்று பதிந்திருப்பவர். இந்த ஒரே தாளில் மூன்று குறைகள் உள்ளன. அவற்றின் சட்டப் பலன் மூன்று விதமானது.

வினாவின் தோற்றம்

இவ்விஷயத்தில் மூலத் தீர்ப்பாகக் கொள்ளத்தக்கது, 1762 இல் மான்ஸ்பீல்ட் பிரபு பிரைஸ் எதிர் நீல் என்னும் வழக்கில் அளித்ததாகும். தம் மீது வரையப்பட்ட உண்டியலுக்குப் பணம் கொடுத்துவிட்டு, அதை எழுதியவரின் கையொப்பம் போலியானது என்று பின்னர் அறிந்த ஒருவர், அப்பணத்தை நேர்மையாகப் பெற்றவரிடமிருந்து மீட்க இயலாது என்பது அதன் முடிவு. எழுதியவரின் கையெழுத்தை அறிந்திருக்க வேண்டியவர் பணம் கொடுப்பவரேயன்றிப் பெறுபவரல்லர் என்ற நியாயம் அதில் உட்கிடையாக நிற்கின்றது.

இந்நியாயம் இலங்கைக்கு வந்த மார்க்கம் தெளிவானது. இங்கிலாந்தின் 1882 ஆம் ஆண்டு உண்டியற் சட்டத்தைப் பெரும்பாலும் அப்படியே பின்பற்றி 1927 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்க மாற்றுண்டியல் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் 98 ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, உண்டியல், காசோலை முதலியவற்றைப் பொறுத்தவரையில், கட்டளைச் சட்டத்துக்கு முரண்படாத அளவில் ஆங்கிலப் பொதுச் சட்டத்தையும் வர்த்தகர் வழக்காற்றையும் இலங்கைக்கு உரியனவாக்கிற்று. தென்மராட்சியில் எழுதப்பட்ட காசோலை ஒன்றைப் பற்றிய வழக்கிலும், பத்தொன்பதாம் நூற்றாண்டு இலண்டன் வணிகரின் வழக்குகள் பேசப்படுவதற்கு இதுவே காரணம்.

திகதி

நான்கு சோதனைகளிலும் எளியது திகதியே. காசோலையைக் கையில் எடுக்கும் எவரும் அதைப் பார்க்கலாம். பெறுநரும் பார்க்கலாம், அவரது வங்கியும் பார்க்கலாம், செலுத்தும் வங்கியும் பார்க்கலாம். முன் திகதியோ பின் திகதியோ இடப்பட்டமையால், அல்லது ஞாயிற்றுக்கிழமைத் திகதி இடப்பட்டமையால், காசோலை செல்லாதது ஆவதில்லை என்று சட்டம் கூறுகின்றது. திகதியே இல்லாவிடினும் அது செல்லாதது அன்று. உடையவர் நியாயமான காலத்துக்குள் திகதியை நிரப்பிக்கொள்ளலாம். ஆயினும், பதினெட்டு மாதம் கழித்து நிரப்பியது நியாயமான காலத்துக்குட்பட்டதன்று என 1940 இல் கிரிவித்ஸ் எதிர் டால்ற்றன் வழக்கில் தீர்மானிக்கப்பட்டது.

காசோலை எத்தனை காலம் உயிருடன் இருக்கும் என்பதிலேதான் கருத்து வேறுபாடு தோன்றுகின்றது. ஆறு மாதம் கடந்த காசோலையைக் காலங்கடந்தது என்று திருப்பியனுப்புதல் இலங்கை வங்கிகளின் வழக்கம். கட்டளைச் சட்டமோ அவ்வாறான எல்லை எதையும் மாத எண்ணிக்கையாக விதிக்கவில்லை. சட்டத்தின் கவலை வேறு. காசோலையை நியாயமான காலத்துள் சமர்ப்பிக்காதிருக்கையில் வங்கி முறிந்துபோனால், எழுதியவர் தமக்கேற்பட்ட நஷ்ட அளவுக்குப் பொறுப்பிலிருந்து நீங்குகின்றார் என்பதே அதன் விதி. 1884 இல் ஒரியன்ற்றல் வங்கி முறிந்தபோது இலங்கையில் உண்டான அல்லோலகல்லோலத்தை நினைவிற் கொண்டால், இவ்விதி வெறும் சம்பிரதாயம் அன்று என்பது விளங்கும். இந்தியாவில் ரிசேர்வ் வங்கி, ஆறு மாதமாயிருந்த வழக்கத்தை 2012 ஏப்ரல் 1 முதல் மூன்று மாதமாகக் குறைத்தது. ஒரே நியாயத்திலிருந்து இரு அளவுகள் பிறந்திருப்பது, கால எல்லை வர்த்தக வசதியை நோக்கி வகுக்கப்படுவதேயன்றிக் காசோலையின் இயல்பிலேயே பொதிந்ததன்று என்பதைக் காட்டுகின்றது.

நமது உதாரணக் காசோலை, எழுதப்பட்ட அன்றே ஓராண்டு பழையதாகத் தோன்றுவதால் திரும்பிவரும். கிளிநொச்சி வியாபாரி தம் கையால் 2024 ஐ 2025 ஆக்கிவிடலாகாது. திகதியை மாற்றுதல் சாரமான மாற்றம் எனச் சட்டத்தால் எண்ணப்படுவதால், எழுதியவரின் சம்மதமின்றிச் செய்த திருத்தம் காசோலையையே பயனற்றதாக்கிவிடும். எழுதியவர் திருத்தி அதனருகில் முழுக் கையொப்பம் இடுவதோ, அதனினும் நன்றாக, புதிய காசோலை எழுதித் தருவதோ பரிகாரமாகும். காசோலை காலங்கடந்தமையால் கடன் அழிந்துவிடாது. காலாவதி பற்றிய 1871 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்படி உண்டியல் மீதான வழக்குக்கு ஆறு வருட அவகாசம் உண்டு.

எதிர்ப்புறப் பிழையும் உண்டு. முப்பது நாள், அறுபது நாள் தவணைக்குச் சரக்கு வாங்கிப் பின் திகதியிட்ட காசோலை கொடுத்தல் நம் கடைவீதிகளில் சாதாரண வழக்கம். அத்திகதிக்கு முன்னரே வங்கி பணம் கொடுத்துவிட்டால், இடைக்காலத்தில் எழுதியவர் கொடுப்பனவை நிறுத்தும் உரிமை அற்றுப்போகின்றது. ஆகையால் அத்தகைய கொடுப்பனவின் அபாயம் வங்கியையே சாரும் என்பதில் பெரும்பாலும் கருத்தொருமை உண்டு.

எழுத்தும் இலக்கமும்

எழுத்தாற் குறித்த தொகையும் இலக்கத்தாற் குறித்த தொகையும் வேறுபடின் எழுத்தே மேலோங்கும் என்பது சட்டத்தின் வெளிப்படையான விதி. இலக்கத்தை அவசரத்தில் இடம் மாற்றி எழுதிவிடலாம். எழுத்தில் எழுதுகையில் மனம் நிதானிக்கும். இலக்கத்துக்கு முன்னொரு இலக்கம் சேர்ப்பது போல எழுத்தைத் திருத்துதல் எளிதன்று. இவை இவ்விதிக்குக் கூறப்படும் காரணங்கள். இதன்படி உதாரணக் காசோலையின் தொகை 125,000 ரூபாவேயன்றி 152,000 ரூபா அன்று. ஆயினும் வங்கிகள் பொதுவாக இவ்விதியைப் பயன்படுத்திப் பணம் கொடுப்பதில்லை. எழுத்தும் இலக்கமும் வேறுபடுகின்றன என்ற குறிப்புடன் காசோலையைத் திருப்பிவிடுகின்றன. சட்டம் சந்தேகத்தைத் தீர்க்கும் வழியைக் காட்டியிருக்க, வங்கி சந்தேகத்தின் இருப்பையே மறுப்புக்குக் காரணமாக்குவது முரண்பாடு போலத் தோன்றலாம். எனினும் 125,000 சரியென வங்கி கொடுத்தபின் உண்மைத் தொகை 152,000 என்று தெரியவந்தால், பெறுநர் மீதித் தொகைக்கு எழுதியவரோடு வழக்காடுவதும், எழுதியவர் வங்கியின் மீது குறை கூறுவதும் நேரிடும். மறுப்பினால் நேர்வது சில நாள் தாமதம் மாத்திரமே. விதி நீதிமன்றத்தின் உபயோகத்துக்கும், மறுப்பு வங்கியின் பாதுகாப்புக்கும் உரியன என்று கொள்ளுதல் பொருந்தும்.

இதனினும் கடினமான வினா, எழுத்தும் இலக்கமும் ஒத்திருந்தும் இரண்டும் திருத்தப்பட்டிருக்கும்போது எழுவதாகும். இதில் ஆங்கில நியாயம் முன்னும் பின்னும் அசைந்து வந்திருக்கின்றது. 1827 இன் யங் எதிர் குரோற் வழக்கில், வாடிக்கையாளர் கையொப்பமிட்டு மனைவியிடம் விட்டுச்சென்ற வெற்றுக் காசோலைகளுள் ஒன்றைக் குமாஸ்தா நிரப்பியபோது முற்பக்கத்தில் இடைவெளி விட்டு எழுதி, பின்னர் அவ்விடைவெளியில் சொற்களைச் சேர்த்து, 50 பவுணுக்குச் சற்று மேற்பட்ட தொகையை 350 பவுணுக்கு மேற்பட்டதாக்கினார். நஷ்டம் வாடிக்கையாளருடையது எனத் தீர்க்கப்பட்டது. 1906 இல் கொலோனியல் வங்கி எதிர் மார்ஷல் வழக்கில், கோமறைக் கழகம், இடைவெளி விட்ட மாத்திரத்தாலே வாடிக்கையாளர் கடமை தவறியவர் ஆகார் என்றது. 1918 இல் இலண்டன் ஜொயின்ற் ஸ்ரொக் வங்கி எதிர் மக்மில்லன் வழக்கில் பிரபுக்கள் சபை மீண்டும் பழைய நிலைக்குத் திரும்பிற்று. அங்கே சில்லறைச் செலவுக்கென இலக்கத்தில் 2 பவுண் என்று மாத்திரம் எழுதி, எழுத்துப்பகுதி வெறுமையாய் இருந்த காசோலையில் பங்காளி ஒருவர் அவசரத்தில் கையொப்பமிட, குமாஸ்தா இரண்டுக்கு முன் ஒன்றும் பின் சைபரும் சேர்த்து, எழுத்திலும் நூற்றிருபது பவுண் என நிரப்பிப் பணம் பெற்றார். மோசடிக்கு வாயில் திறந்துவைக்காத வகையில் காசோலையை எழுதுதல் வாடிக்கையாளர் தம் வங்கிக்குச் செலுத்த வேண்டிய கடமை என்பது அன்று நிலைபெற்ற கொள்கை.

தமிழில் எழுதும் காசோலைக்கு இக்கொள்கை எவ்வாறு பொருந்தும் என்பதைச் சிந்திப்பது தகும். 'ஆறாயிரம்' என்பதற்கு முன் 'தொண்ணூற்று' என்று சேர்த்தால், முதலெழுத்தாகிய 'ஆ' புணர்ச்சி விகாரமின்றித் தனித்து நிற்பது கண்ணை உறுத்தும். ஆனால் 'இருபதாயிரம்' என்பதற்கு முன் இடைவெளி இருப்பின், 'ஒரு இலட்சத்து' என்று எழுதிவிடுதல் மிக எளிது. இலக்கத்தில் 20,000 என்பதற்கு முன் ஒன்று என்னும் இலக்கத்தை இட்டால் 120,000 ஆகிவிடும், பார்ப்பவருக்கு யாதொரு முரணும் தோன்றாது. 'ரூபா' என்னும் அச்சிட்ட சொல்லோடு ஒட்டியே எழுதத் தொடங்குவதும், முடிவில் 'மாத்திரம்' என்று அடைத்து எஞ்சிய இடத்தைக் கோட்டினால் நிரப்புவதும், இலக்கத்தை முதற்கோட்டோடு நெருக்கி எழுதுவதும் இக்காரணம் பற்றியே வற்புறுத்தப்படுகின்றன. மையின் நிற வேற்றுமை, எழுத்தின் சாய்வு மாறுதல், முதற் சொல் மாத்திரம் நெருங்கியிருத்தல் ஆகியவை திருத்தத்தைக் காட்டிக்கொடுக்கும் அடையாளங்கள்.

கையொப்பம்

கையொப்பச் சோதனையில் பெறுநரும் அவரது வங்கியும் குருடரே. மாதிரிக் கையொப்பம் செலுத்தும் வங்கியிடம் மாத்திரமே உண்டு. போலிக் கையொப்பம் கையொப்பமே அன்று, ஆகையால் வாடிக்கையாளரின் கட்டளையின்றியே வங்கி பணம் கொடுத்ததாகும், அத்தொகையை அவரது கணக்கிற் பற்றெழுத இயலாது என்னும் கடுமையான விதி இக்காரணத்தால் நியாயமுடையதாகத் தோன்றுகின்றது. வங்கி எத்துணைக் கவனமாகப் பார்த்தது என்பது இங்கே வினாவன்று. போலி மிகத் திறமையானது எனினும் பொறுப்பு நீங்காது.

இக்கடுமைக்கு எதிராக எழுந்த நியாயம், வாடிக்கையாளரும் தம் கணக்கு அறிக்கையைப் பார்த்துப் போலியைக் கண்டறிய வேண்டாமா என்பது. 1933 இல் கிரீன்வூட் எதிர் மார்ட்டின்ஸ் வங்கி வழக்கில், மனைவி தம் கையொப்பத்தைப் போலியாக இட்டுவருவதை அறிந்தும் கணவர் வங்கிக்குச் சொல்லாது மௌனமாயிருந்தமையால் அவரது உரிமை தடைப்பட்டது. ஆனால் அறிந்து மறைத்தல் வேறு, அறியக்கூடியதை அறியாதிருத்தல் வேறு. ஹொங்கொங்கில் ஒரு பருத்தி ஆலையின் கணக்கு உத்தியோகத்தர் ஆண்டுக்கணக்காக ஏறக்குறைய 300 காசோலைகளைப் போலியாக்கிய ராய் ஹிங் வழக்கில், அறிக்கைகளைச் சோதிக்கும் கடமை வாடிக்கையாளருக்கு இல்லை என்று கோமறைக் கழகம் 1985 இல் தீர்மானித்தது. ஈராண்டு கழித்து இந்திய உச்ச நீதிமன்றம், கனரா வங்கி எதிர் கனரா சேல்ஸ் கோப்பரேஷன் வழக்கில், கம்பனிக் கணக்காளர் போலியாக்கிய 42 காசோலைகள் பற்றி அதே முடிவுக்கு வந்தது.

அமெரிக்க வர்த்தகக் கோவை வேறு வழியிற் சென்றது. வாடிக்கையாளர் அறிக்கையைத் தாமதமின்றிப் பார்க்க வேண்டும். ஓராண்டுக்குள் அறிவியாவிடின் உரிமை முற்றாக அற்றுப்போகும். ஒரே மோசக்காரர் தொடர்ந்து செய்த போலிகளாயின் முப்பது நாள் அவகாசமே அதிகபட்சம். ஆங்கில மார்க்கத்தின் குறை, அசிரத்தையான வாடிக்கையாளரையும் பாதுகாத்துவிடுவது; அமெரிக்க மார்க்கத்தின் குறை, எழுத்து வாசனை குறைந்தவரையும் முதியவரையும் பெருங் கம்பனியோடு ஒரே தட்டில் நிறுத்துவது.

ஒப்பிடும் தொழிலிலும் எல்லைகள் உண்டு. ஒருவரின் இரு கையொப்பங்கள் எஞ்ஞான்றும் அச்சொட்டாக ஒத்திருப்பதில்லை. மாதிரியோடு இம்மியும் பிசகாது பொருந்துவது, மேலே தாள் வைத்து இழுத்த போலியோ என்னும் சந்தேகத்துக்கு இடமளிக்கும். நடுக்கம், நடுவிலே பேனாவை எடுத்த தடம், ஓட்டமற்ற கோடு என்பன போலியின் குறிகளாகக் கொள்ளப்படினும், கை நடுங்கும் முதியவரின் மெய்யான கையொப்பத்திலும் இவையே தோன்றும். கணக்குத் திறந்து இருபது வருடங்களுக்கு மேலான ஓய்வூதியர்களின் கையொப்பம் மாதிரியினின்றும் விலகியிருப்பது இயல்பு. மாதிரியைக் காலத்துக்குக் காலம் புதுப்பித்தலைவிடச் சிறந்த பரிகாரம் இதற்கு இருப்பதாகத் தெரியவில்லை.

புறக்குறிப்பு

ஆணைக் காசோலை ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குச் செல்வது பின்புறத்திலிடும் கையொப்பத்தினால். அக்கையொப்பம் மெய்யானதா என்பதைப் பெறுநர் ஒருவரைத் தவிர வேறு யாரும் அறியார். செலுத்தும் வங்கியிடம் அவருடைய மாதிரி இல்லை. 1851 இன் றொபார்ட்ஸ் எதிர் ரக்கர் வழக்கில் போலிப் புறக்குறிப்பின் நஷ்டமும் வங்கி மீதே சுமத்தப்பட, வங்கியாளர் முறையிட, 1853 இல் இங்கிலாந்துப் பாராளுமன்றம் பாதுகாப்பு அளித்தது. அதுவே பின்னர் 1882 ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இலங்கைக் கட்டளைச் சட்டத்திலும் இடம்பெற்றது. நல்லெண்ணத்தோடும் வழமையான வர்த்தக முறைப்படியும் கொடுத்த வங்கி, புறக்குறிப்பு மெய்யானது என்று நிரூபிக்க வேண்டியதில்லை.

ஆயின் மெய்யாயிருத்தல் வேறு, முறையாயிருத்தல் வேறு. முன்புறத்திலுள்ள பெயரும் பின்புறத்திலுள்ள பெயரும் ஒத்திருத்தல், இரு பெறுநர் உளராயின் இருவரும் இடுதல், கம்பனியாயின் அதன் சார்பில் இடுபவர் அவ்வாறே குறித்தல் ஆகியவை கண்ணால் அறியத்தக்கன. இவற்றைக் காணத் தவறிய வங்கிக்குப் பாதுகாப்பு இல்லை. 1932 இன் ஸ்லிங்ஸ்பி எதிர் டிஸ்றிக்ற் வங்கி வழக்கு இதற்குத் தக்க சான்று. ஜோன் புறஸ்ற் கம்பனிக்கு 5,000 பவுணுக்கு எழுதிய காசோலையில் பெயருக்குப் பின்னிருந்த இடைவெளியில், சட்டத்தரணி ஒருவர் தம் தொழிற்பெயராகிய கம்பர்பேர்ச் அன் பொற்ஸ் மூலம் என்று சேர்த்து, பின்புறத்தில் தம் தொழிற்பெயரை மாத்திரம் இட்டுப் பணம் பெற்றார். பெறுநர் ஜோன் புறஸ்ற் கம்பனியே. அதன் பெயர் புறக்குறிப்பில் இல்லை. ஆகவே அது முறையற்றது என்றும், நஷ்டம் வங்கியினது என்றும் தீர்ப்பாயிற்று. தொகைக்கு முன்னுள்ள இடைவெளி வாடிக்கையாளர் குற்றமாகக் கொள்ளப்பட, பெயருக்குப் பின்னுள்ள இடைவெளி அக்காலத்தில் அவ்வாறு கொள்ளப்படாமை கவனிக்கத்தக்கது.

நமது உதாரணத்திலுள்ள மூன்றாவது குறைக்குச் சட்டமே வழி சொல்கின்றது. பெயர் தவறாக எழுதப்பட்டிருப்பின், பெறுநர் காசோலையில் உள்ளவாறே புறக்குறிப்பிட்டு, விரும்பினால் தம் சரியான கையொப்பத்தையும் அதன்கீழ் இடலாம்: முதலில் இராசரத்தினம், அதன்கீழ் ராஜரட்ணம். முதலெழுத்துக்களும் ஆங்கிலவழி எழுத்துக்கூட்டலும் ஆவணத்துக்கு ஆவணம் வேறுபடும் யாழ்ப்பாணத்துப் பெயர்களுக்கு இவ்விதி மிகவும் பயனுடையது. குறுக்குக் கோடிட்ட காசோலையாயின், சேகரிக்கும் வங்கி கட்டளைச் சட்டத்தின் 82 ஆம் பிரிவின் பாதுகாப்பைப் பெற வேண்டுமானால் நல்லெண்ணம் மாத்திரம் போதாது, அசிரத்தையின்மையையும் காட்ட வேண்டும். எழுத்துக்கூட்டல் வேறுபாடா, ஆளே வேறா என்று விசாரிக்க வேண்டிய கடமை இவ்வாறு கிளிநொச்சியிலுள்ள வங்கியின் மேசைக்கு வந்து சேர்கின்றது.

தாள் நின்று படிமம் சென்றபின்

2006 இல் இலங்கையில் காசோலைப் படிமமுறை ஆரம்பமாயிற்று; லங்கா கிளியர் நிறுவனம் நடத்திய இம்முறைக்குச் சட்ட ஆதாரமாக 2005 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கக் கொடுப்பனவு, தீர்ப்பனவு முறைமைகள் சட்டம் அமைந்தது. அதுமுதல் தாள் சேகரிக்கும் வங்கியிலேயே தங்கிவிட, அதன் முன்பின் படிமங்களே செலுத்தும் வங்கிக்குச் செல்கின்றன. சாவகச்சேரிக் காசோலை கிளிநொச்சியில் வைப்பிலிடப்பட்டால், கையொப்பத்தை ஒப்பிட வேண்டியவர் தாளைத் தொடுவதில்லை. தாளைத் தொட்டவரிடமோ மாதிரிக் கையொப்பம் இல்லை.

இதன் விளைவு நான்கு சோதனைகளுக்கும் ஒரே அளவினதன்று. திகதியும் எழுத்து–இலக்க ஒப்பும் படிமத்திலும் தெரியும். புறக்குறிப்பின் முறைமையும் தெரியும். ஆனால் மையை அழித்த தடம், இரு மைகளின் நுண்ணிய வேற்றுமை, பேனா அழுத்திய பள்ளம், புறஊதாக்கதிரில் ஒளிரும் இரகசிய அடையாளம் முதலியவை சாதாரணப் படிமத்தில் வாரா. ஆகவே தொகைத் திருத்தத்தைக் காணும் வாய்ப்புச் செலுத்தும் வங்கியிடமிருந்து சேகரிக்கும் வங்கிக்குப் பெயர்ந்துவிட்டது எனலாம். போலிக் கையொப்பத்தின் பொறுப்பைத் தாங்குபவரோ, அதன் அடையாளங்களுட் சிலவற்றை இழந்து நிற்கின்றார். அமெரிக்கக் கோவையின் 1990 ஆம் ஆண்டுத் திருத்தம், தானியங்கி முறையில் காசோலைகளைத் தீர்க்கும் வங்கி, தன் நடைமுறைக்கும் பொதுவான வங்கி வழக்கத்துக்கும் மாறுபடாதவிடத்து, ஒவ்வொன்றையும் கண்ணாற் பாராமையே அசிரத்தையாகாது என்று இடங்கொடுத்தது. ஆங்கில மார்க்கத்தைப் பின்பற்றும் நாடுகளில் அத்தகைய சலுகைக்குப் போலிக் கையொப்பத்தைப் பொறுத்தவரையில் இடமில்லை. கவனத்தின் அளவே அங்கு வினாவன்று என்று மேலே கண்டோம்.

மதிப்பீடு

இதுகாறும் கண்ட தீர்ப்புகளையும் விதிகளையும் ஒருசேர நோக்குமிடத்து, அவற்றினூடே ஒரு நியாயம் ஓடுவது புலனாகின்றது: பிழையைக் காணும் வாய்ப்பு யாரிடம் உண்டோ அவரிடம் நஷ்டமும் சேர்கின்றது. கையொப்பத்தை வங்கி அறியும், ஆகவே அதன் போலி வங்கிக்கு; இடைவெளியை எழுதுபவர் அறிவார், ஆகவே அதன் திருத்தம் அவருக்கு; புறக்குறிப்பின் முறைமையைக் கண் அறியும், மெய்ம்மையை அறியாது, ஆகவே பாதுகாப்பும் அந்த எல்லையோடு நிற்கின்றது. திறமையான போலி இந்நியாயத்துக்குள் முற்றாக அடங்குவதன்று. எவரும் காணவியலாத பிழைக்கும் வங்கியே பொறுப்பாவது, நஷ்டத்தைப் பலர்மீது பரப்பித் தாங்கும் சக்தி அதற்கு உண்டு என்னும் வேறொரு காரணத்தையே நாடவேண்டியிருக்கின்றது.

இரண்டு விஷயங்கள் இன்னும் தீராதவை. ஸ்லிங்ஸ்பி வழக்கின் காலத்தில் பெயருக்குப் பின் கோடிழுத்தல் பரவலான வழக்கமாயிருக்கவில்லை. இன்று வங்கிகள் அதை அறிவுறுத்திவருகையில், அவ்விடைவெளியும் வாடிக்கையாளர் கடமைக்குள் வருமா என்பது ஒன்று. தாளைக் காண்பவரும் மாதிரியைக் காண்பவரும் வேறு வேறு ஆகியபின், திருத்தத்தைக் காணாத நஷ்டத்தை இவ்விரு வங்கிகளும் எவ்வாறு பகிர்வது என்பது மற்றொன்று. பின்னதில், தாளை வைத்திருப்பவரே அதன் பௌதிகக் குறைகளுக்குப் பொறுப்பாவார் என்னும் விடை மேற்கூறிய நியாயத்தோடு இசைவதாகத் தோன்றுகின்றது. ஆயினும், 1927 இன் கட்டளைச் சட்டம் தாள் ஒன்றே கைமாறுவதை எண்ணி எழுதப்பட்டதாகையால், அவ்விடையை அதன் சொற்களிலிருந்து மாத்திரம் பெறுதல் அரிது. வங்கிகள் தமக்குள் வகுத்துக்கொள்ளும் தீர்ப்பனவு விதிகளும், அவ்விதிகளுக்குக் கட்டுப்படாத வாடிக்கையாளர் தொடுக்கும் வழக்குகளில் நீதிமன்றங்கள் எடுக்கும் முடிவுகளுமே அதை நிலைநிறுத்தவோ மறுக்கவோ வேண்டியனவாகும்.